அடீனியத்தை பார்சலில் விற்கும்போது குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

"வீட்டில் விதை போட்டு வளர்த்த அடீனியம் கன்றுகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. கொஞ்சம் விதையும் இருக்கிறது. ஆன்லைனில் விற்க ஆரம்பித்தேன். முதல் ஆறு பார்சலில் இரண்டு பேர் செடி செத்துப்போய் வந்தது என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டார்கள். நான் அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது. குறிப்பில் என்னதான் எழுதுவது? இலை உதிரும் என்று நானே எழுதினால் யார் வாங்குவார்கள்? விதைக்கு எத்தனை சதவீதம் முளைக்கும் என்று போடுவது?"

அந்த இரண்டில் ஒன்றாவது சாகவில்லை என்றுதான் நினைக்கிறேன். அடீனியம் பெட்டிக்குள் நாலு நாள் இருந்தால் இலையைக் கொட்டிவிடும். வாங்கியவர் உங்கள் படத்தில் பார்த்தது பச்சை இலையும் பூவுமாக நிற்கிற செடி. பெட்டியைத் திறந்தபோது கையில் வந்தது மஞ்சள் இலைக் குவியலும் ஒரு மொட்டைக் குச்சியும். செத்துவிட்டது என்று அவர் முடிவு கட்டியதில் தப்பே இல்லை, ஏனென்றால் இப்படித்தான் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே குறிப்பில் ஒரே செடியின் மூன்று நிலைகள் இருக்க வேண்டும்: உங்களிடம் எப்படி வளர்ந்தது, எப்படிக் கட்டி அனுப்புகிறீர்கள், திறக்கும்போது எப்படி இருக்கும். முதல் இரண்டைப் பலர் எழுதுகிறார்கள். மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள், அல்லது 'பயணத்தில் லேசான வாட்டம் இருக்கலாம்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி போட்டு முடித்துக்கொள்கிறார்கள். அந்த வரியை வைத்து வாங்குபவர் எதையும் சரிபார்க்க முடியாது. அதை ஊகித்து எழுதவும் தேவையில்லை. வீட்டிலேயே செய்து பார்த்து எழுதலாம்.

எப்படி என்றால், விற்கப்போகும் கன்றுகளில் சுமாரான ஒன்றை எடுங்கள். வாடிக்கையாளருக்கு அனுப்புவதுபோலவே முழுதாகக் கட்டிப் பெட்டியில் போட்டு ஒட்டிவிடுங்கள். கட்டுவதற்கு முன் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியை வெளிச்சம் படாத அறையில் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள், இடுப்பு உயரத்திலிருந்து இரண்டு முறை கீழே விடுங்கள், கொஞ்ச நேரம் தலைகீழாக வையுங்கள். கூரியரில் இதெல்லாம் நடக்கத்தான் செய்யும். உங்கள் பார்சல்கள் வழக்கமாக எத்தனை நாளில் போய்ச் சேருகின்றனவோ அதைவிட இரண்டு நாள் கூடுதலாக வைத்துத் திறந்து பாருங்கள். திறந்த நிமிடமே படம் எடுங்கள், எடையும் பாருங்கள். அந்தப் படம்தான் உங்கள் குறிப்பில் இரண்டாவதாக வர வேண்டிய படம்.

நான் முதலில் இப்படிச் சோதித்த கன்று ஆறு நாள் பெட்டியில் இருந்தது. அடி இலைகள் எல்லாம் காகிதத்துக்குள் உதிர்ந்து கிடந்தன, நுனியில் நாலைந்து வெளிர்பச்சை இலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் பருத்திருக்கும் காடெக்ஸைக் கட்டைவிரலால் அழுத்தினால் நன்கு பழுத்த கொய்யாவை அழுத்துவதுபோல லேசாக உள்வாங்கியது. அதைத் தொட்டியில் வைத்து, மூன்றாவது வாரம் புதுத் துளிர் வந்ததும் இன்னொரு படம் எடுத்தேன். கட்டுவதற்கு முன், திறந்தபோது, மூன்று வாரம் கழித்து என்று மூன்று படங்களையும் வரிசையாகப் போட்ட பிறகு 'செத்து வந்தது' என்ற புகார் எனக்குக் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. இலை உதிரும் என்று எழுதினால் வாங்க மாட்டார்களோ என்று கேட்கிறீர்கள். உதிர்ந்த படத்துக்குப் பக்கத்திலேயே துளிர்த்த படமும் இருந்தால் வாங்குவார்கள்.

இலை ஏன் கொட்டுகிறது என்று குறிப்பில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், வாங்குபவருக்குப் பயம் போகும். இருட்டில் இலையால் உணவு தயாரிக்க முடியாது. மண்ணை நீக்கியதில் நுண்வேர்கள் போயிருக்கும், தண்ணீர் எடுக்க வழியில்லை. அதோடு, மூடிய பெட்டிக்குள் செடியே வெளிவிடும் எத்திலீன் வாயு தேங்கும். காய்களைப் பழுக்க வைப்பதும் இதே வாயுதான், இலைக்காம்பைக் கழன்றுவிடச் செய்வதும் இதுதான். அடீனியம் வறண்ட நிலத்துச் செடி. காலம் சரியில்லை என்றால் இலையை உதிர்த்துவிட்டு, காடெக்ஸில் சேர்த்து வைத்த தண்ணீரில் காத்திருக்கும். பெட்டிக்குள்ளும் அதையேதான் செய்கிறது.

அப்படியானால் அந்த இரண்டு புகாரில் இன்னொன்று? அது உண்மையாகவே அழுகியிருக்கலாம். அடீனியம் பயணத்தில் காய்ந்து சாவது அபூர்வம், ஈரத்தில் அழுகிச் சாவதுதான் வழக்கம். எனவே அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது, எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதை.

அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பார்சல் போகும் நாளுக்கு மூன்று நாலு நாள் முன்பு செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதிர்க்க வேண்டும். வேரில் ஒட்டிய மண்ணைக் கழுவலாம், ஆனால் கழுவிய அன்றே கட்டக்கூடாது. ஒடிந்த வேர்களைச் சுத்தமான பிளேடால் வெட்டிவிட்டு, காற்றோட்டமான நிழலில் காகிதத்தின் மேல் படுக்க வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் வெட்டுவாய் காய்ந்து, தொட்டால் சொரசொரப்பாக ஒரு தோல் கட்டியிருக்கும். அந்தத் தோல் உருவாவதற்கு முன் ஈரக் காயத்தோடு பெட்டியில் மூடிவிட்டால் அங்கிருந்துதான் அழுகல் உள்ளே ஏறும். அவசரப்பட்டு ஆர்டர் வந்த அன்றே பிடுங்கி அனுப்பும் செடிகளில் இதுதான் நடக்கிறது. 'ஆர்டர் கிடைத்த நாலாம் நாள் அனுப்பப்படும், காரணம் வேர் காய வேண்டும்' என்று குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை.

கட்டும்போது காடெக்ஸையும் வேரையும் உலர்ந்த செய்தித்தாளில் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை, ஒட்டுபடலம் எதுவும் வேண்டாம். அதற்குள் வியர்த்து நனைந்துவிடும். பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள், அவை எப்படியும் அழுகி மற்ற இலைகளைக் கெடுக்கும். பெரிய அடி இலைகளையும் நீங்களே நறுக்கிவிடலாம். வெட்டினால் வெள்ளைப் பால் வரும். அது நின்று காய்ந்த பிறகுதான் காகிதத்தைச் சுற்ற வேண்டும், கையையும் கழுவிக்கொள்ள வேண்டும். கிளைகளுக்கு நடுவில் கசக்கிய காகிதம் வைத்தால் ஒன்றோடு ஒன்று உரசாது. பிறகு பெட்டிச் சுவரோடு சேர்த்து, காகிதம் சுற்றிய பகுதியின் மேல் டேப் போட்டு செடியை அசையாமல் பிடித்து வையுங்கள். மீதி இடத்தைக் காகிதத்தால் நிரப்பிப் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் திரும்பத் திறக்க வேண்டியதுதான். பெட்டியில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போடலாம், போடுங்கள், ஆனால் அதை நம்பிக் கட்டாதீர்கள். தலைகீழாகப் போனாலும் தாங்குகிற மாதிரி கட்ட வேண்டும். வாரத் தொடக்கத்தில் அனுப்பினால் விடுமுறை நாளில் கிடங்கில் அடைபட்டுக் கிடக்காது.

இவ்வளவையும் குறிப்பில் எழுத வேண்டுமா என்றால், மூன்று வரி போதும்: மண் இல்லாமல் வரும், வேர் கழுவி உலர்த்தியது, உலர்ந்த காகிதத்தில் சுற்றியது. 'மண் இல்லாமல் வரும்' என்பதை மட்டும் கண்டிப்பாகத் தலைப்புக்குப் பக்கத்திலேயே போடுங்கள். தொட்டியோடு வரும் என்று நினைத்து வாங்கியவரிடம் மண்கலவையும் தொட்டியும் தயாராக இருக்காது.

இப்போது திறக்கும் நேரத்து நிலைக்கு வருகிறேன். இதில் எது சாதாரணம், எது கேடு என்று வாங்குபவர் தானே பிரித்தறிய வேண்டும். அடீனியத்தில் குழப்பம் வருவது ஒரே இடத்தில்தான்: காடெக்ஸ் மெத்தென்று இருப்பது. தாகத்தாலும் மெத்தென்று ஆகும், அழுகலாலும் ஆகும். தாகம் என்றால் சுற்றிலும் ஒரே சீராக மென்மையாக இருக்கும், தோல் சுருங்கி நுண்ணிய மடிப்பு விழுந்திருக்கும், நிறம் மாறியிருக்காது, வாடை இருக்காது. அழுகல் என்றால் ஒரு பக்கத்தில் மட்டும் விரல் அமுங்கும், அந்த இடம் பழுப்பாகவோ கறுப்பாகவோ நனைந்ததுபோல இருக்கும், அழுத்தினால் நீர் கசியும், புளித்த வாடை அடிக்கும். சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தில் கத்தி முனையால் கொஞ்சம் சீவிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருந்து பால் வந்தால் உயிரோடு இருக்கிறது. பழுப்பாகக் குழைந்திருந்தால் அழுகல். தண்டு நுனிக்கும் இதே சோதனைதான், நகத்தால் தோலைச் சுரண்டினால் அடியில் பச்சை தெரிய வேண்டும்.

தாகத்தில் வந்த செடியைப் பார்த்ததும் வாங்குபவர் செய்யும் முதல் காரியம் குளிரக் குளிரத் தண்ணீர் ஊற்றுவது. பயணத்தில் தப்பித்த செடி அங்கேதான் அழுகும். பெட்டியில் குலுங்கியதில் வேரில் புதுக் காயம் பட்டிருக்கலாம், தண்ணீர் எடுக்க நுண்வேரும் இல்லை. அதனால் திறந்ததும் ஒரு நாள் நிழலில் காற்றாட வைத்து, உலர்ந்த அல்லது மிக லேசான ஈரமுள்ள கலவையில் நட்டு, நாலைந்து நாள் கழித்து முதல் தண்ணீர் விடச் சொல்லுங்கள். பத்து நாள் வெளிச்சமான நிழலில் இருக்கட்டும், பிறகு காலை வெயிலில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். இதைக் குறிப்பிலும் எழுதுங்கள், பெட்டியில் செடிக்கு மேலே ஒரு சீட்டிலும் எழுதி வையுங்கள். குறிப்பைப் படித்தது வாங்கிய அன்று, செடி கைக்கு வருவது ஒரு வாரம் கழித்து. மறந்திருப்பார்கள்.

வளரும் சூழலைப் பற்றி எழுதும்போது 'நல்ல வெயில், நீர் தேங்காத மண்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது அடீனியம் இனத்துக்குப் பொருந்தும், உங்கள் கன்றைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உங்களிடம் அது எந்த இடத்தில் இருந்தது, எத்தனை மணி நேரம் நேர் வெயில் பட்டது, என்ன கலவை, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்று நடந்ததை எழுதுங்கள். வாங்குபவர் தன் இடத்தோடு ஒப்பிட்டுக்கொள்வார். நிழல்வலையின் கீழ் வளர்ந்த கன்றை 'முழு வெயில் செடி' என்று எழுதி அனுப்பினால், அவர் நம்பிக்கையோடு உச்சி வெயிலில் வைப்பார், ஒரே நாளில் தண்டுத் தோலில் வெளிறிய தீக்காயம் விழும். அந்தத் தழும்பு ஆறினாலும் மறையாது. இனத்துக்கான எல்லைகளை அதற்குக் கீழே தனியாக வையுங்கள்: வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் இடமானால் இலை உதிர்ந்து உறக்கத்துக்குப் போகும், அப்போது தண்ணீரை ஏறக்குறைய நிறுத்த வேண்டும், உறைபனியைத் தாங்காது.

அப்புறம் ஒரு விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். உங்கள் கன்றுகள் விதையிலிருந்து வந்தவை. தாய்ச்செடி அடர்சிவப்பு அடுக்குப் பூ என்றால் பிள்ளையும் அப்படிப் பூக்கும் என்று சொல்ல முடியாது. மகரந்தம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது, கையால் சேர்த்திருந்தாலும் பிள்ளைகள் கலந்துதான் வரும். அதே பூ வேண்டும் என்றால் ஒட்டுக்கட்டிய செடியோ, தண்டை வெட்டி வேர்விட வைத்த செடியோதான் வாங்க வேண்டும். எனவே பூக்காத கன்றுக்குப் பூவின் படத்தைப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் 'இது தாய்ச்செடியின் பூ, இந்தக் கன்று இன்னும் பூக்கவில்லை, வேறு நிறமாக இருக்கலாம்' என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். ஒட்டுச்செடிக்கு விதைக்கன்றைவிட மதிப்பு அதிகம் என்பதால், விதைக்கன்று என்ற சொல்லை மறைப்பதும் ஏமாற்றுதான்.

நச்சு பற்றியும் ஒரு வரி வேண்டும். அடீனியம் அரளிக் குடும்பம். அதன் பாலில் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் உண்டு, ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவ இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வாயில் வைத்துப் பார்க்கும் வயதுக் குழந்தையோ செடியைக் கடிக்கும் நாய் பூனையோ இருக்கும் வீட்டுக்காரர் இதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

அளவைப் பற்றி: 'பெரிய கன்று', 'நடுத்தரம்' வேண்டாம். காடெக்ஸின் அகலமான இடத்தில் நூலைச் சுற்றி அளந்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம் வரும். நூல் 16 செ.மீ. என்றால் விட்டம் 5 செ.மீ. சொச்சம். படத்தில் ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துவிட்டால் பேச்சே இல்லை.

இதையெல்லாம் வைத்து உங்கள் கன்று ஒன்றுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"அடீனியம் ஒபீசம், விதைக்கன்று, வயது 2 ஆண்டு. மண்ணும் தொட்டியும் இல்லாமல் வரும். காடெக்ஸ் விட்டம் 5 செ.மீ., மொத்த உயரம் 22 செ.மீ., கிளை மூன்று. படத்தில் இருக்கும் இதே செடிதான் வரும், படம் எடுத்து 6 நாள் ஆகிறது. இன்னும் பூக்கவில்லை, பூ நிறத்துக்கு உறுதி தர முடியாது. காடெக்ஸின் பின்பக்கம் ஆறிய ஒரு வெட்டுத்தழும்பு உண்டு, நான்காவது படம் பார்க்கவும். கழுவும்போது வேரில் மாவுப்பூச்சி இல்லை என்று பார்த்தே அனுப்புவேன்.

"என்னிடம் வளர்ந்த விதம்: மொட்டைமாடியில் காலை 7 முதல் மதியம் 1 வரை நேர் வெயில். பாதி பருமணல், பாதி கோகோபீட். வெயில் காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர். இதைவிட நிழலான இடமானால் வளரும், ஆனால் தண்டு நீண்டு மெலியும், பூ குறையும். பால் நச்சு உள்ளது, குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வைக்கவும்.

"கட்டுவது: வேர் கழுவி மூன்று நாள் உலர்த்தி, பெரிய இலைகள் நீக்கி, உலர்ந்த காகிதத்தில் சுற்றி, அட்டைப்பெட்டியில். ஆர்டரிலிருந்து நாலாம் நாள் புறப்படும்.

"திறக்கும்போது: இரண்டு மூன்று நாளில் வந்தால் சில இலை மஞ்சளாகியிருக்கும். நாலு முதல் ஆறு நாள் ஆனால் பெரும்பாலும் மொட்டையாக இருக்கும், காடெக்ஸ் சுற்றிலும் சற்று மெத்தென்று இருக்கும். இரண்டாவது படம் இதேபோன்ற ஒரு கன்றை ஆறு நாள் பெட்டியில் வைத்துத் திறந்தது. இவை குறையல்ல, வெதுவெதுப்பான காலநிலையில் மூன்று நாலு வாரத்தில் துளிர்க்கும். காடெக்ஸில் ஓரிடம் மட்டும் அமுங்குவது, கறுப்பு, கசிவு, வாடை, முறிந்த முதன்மைத் தண்டு ஆகியவை குறை. படம் அனுப்பினால் மாற்றுச் செடியோ பணமோ தருகிறேன். வந்ததிலிருந்து 10 நாள் வரை சொல்லலாம். நட்டு நாலைந்து நாள் தண்ணீர் விட வேண்டாம்."

இந்த 10 நாள் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திறந்த 24 மணி நேரத்துக்குள் படம் அனுப்பினால்தான் பொறுப்பு என்று போடுகிறவர்கள் உண்டு. ஒடிந்த கிளைக்கு அது போதும். ஆனால் பெட்டிக்குள் தொடங்கிய அழுகல் முதல் நாள் வெளியே தெரியாது. உள்ளே பரவி, ஐந்தாறு நாள் கழித்துத்தான் தோல் நிறம் மாறும். அதற்குள் உங்கள் கெடு முடிந்துவிட்டால், நீங்கள் பார்சல் கட்டியதில் நேர்ந்த தவறுக்கு அவர் பணம் இழக்கிறார். 10 நாள் கொடுத்தால் பொய் சொல்லி ஏமாற்றுவார்கள் என்று பயப்படாதீர்கள். காடெக்ஸைக் குறுக்கே வெட்டிய படம் கேளுங்கள். வேர் நுனியிலிருந்து பழுப்பு மேலே ஏறியிருந்து, நட்ட கலவையும் உலர்ந்தே இருந்தால், பெட்டியில் மூடும்போதே வேர்க்காயம் ஆறாமல் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். கலவை சொதசொதவென்று இருந்தால் தண்ணீர் விட்டதுதான் காரணம், அப்போது அதைச் சொல்லிப் பேசலாம். எல்லாவற்றையும் படத்தால் தீர்த்துவிட முடியாது. இரண்டும் கெட்டானாக வருவதில் நான் வாங்கியவர் பக்கமே விட்டுக்கொடுத்துவிடுவேன்.

சரி, விதைக்கு வருவோம். சதவீதம் போட வேண்டாம் என்பது என் கருத்து. சோதித்ததை அப்படியே எழுதுங்கள். காய் வெடித்த தேதியைக் குறித்து வையுங்கள். அடீனியம் காய் கொம்பு மாதிரி இரட்டையாக வரும், பழுத்ததும் வெடித்துப் பஞ்சோடு விதை பறந்துவிடும், அதனால் முன்பே நூலால் கட்டியோ வலைப்பை போட்டோ வைத்திருப்பீர்கள். அந்தத் தொகுதியிலிருந்து பொறுக்காமல், கைக்கு வந்தபடி 20 விதை எடுத்து, ஈரமான டிஷ்யூ காகிதத்தில் பரப்பி, மூடியுள்ள டப்பாவில் 27 முதல் 30 டிகிரி இருக்கும் இடத்தில் வையுங்கள். நல்ல விதை மூன்றாம் நாளே உப்பி, ஒரு வாரத்துக்குள் வெள்ளை வேர் நீட்டிவிடும். ஏழாம் நாள் எண்ணுங்கள். 15 முளைத்தால் 'காய் வெடித்தது இந்தத் தேதி, சோதித்தது இந்தத் தேதி, 20 இல் 15 முளைத்தது, 28 டிகிரியில், டிஷ்யூவில்' என்று எழுதுங்கள். இதையே '75 சதவீதம் உறுதி' என்று எழுதினால் தப்பாகிவிடும். 20 விதை சின்ன எண்ணிக்கை. 20 இல் 15 என்பதற்கு, உண்மையான முளைப்பு பாதிக்குச் சற்று மேலேயும் இருக்கலாம், பத்தில் ஒன்பதை நெருங்கியும் இருக்கலாம். பத்து விதை வாங்கிய ஒருவருக்கு ஐந்து முளைத்தால் அவர் உங்களைப் பொய்யர் என்பார், நீங்களோ பொய் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

டிஷ்யூவில் முளைத்தது மண்ணில் கன்றாகும் என்றும் இல்லை. ஈரம் மிகுந்தால் முளைத்த சில நாளிலேயே அடித்தண்டு குழைந்து சாயும். ஆகவே முளைப்பு வேறு, பிழைப்பு வேறு என்று ஒரு வரி சேருங்கள். விதை நாள்பட நாள்பட, குறிப்பாக அறை வெப்பத்தில் திறந்து கிடந்தால், முளைப்பு குறைந்துகொண்டே போகும். உலர்த்திக் காற்றுப்புகாத டப்பாவில் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மெதுவாகக் குறையும். எப்படி வைத்திருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதித்துக் குறிப்பில் எண்ணை மாற்றுங்கள். 20 இல் 8 என்று இறங்கினால் அதையும் எழுதி, பத்துக்குப் பதில் இருபது விதை கொடுத்துவிடலாம்.

விதையைக் கட்டுவதில் ஒரே ஆபத்து நசுங்குவதுதான். சாதாரண அஞ்சல் உறை உருளைகளுக்கு நடுவே ஓடும் இடங்கள் உண்டு, அடீனியம் விதை மெலிந்த குழல்போல இருப்பதால் அங்கே உடைந்துவிடும். பஞ்சை நீக்கி, சின்னக் காகித உறையில் போட்டு, அதை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வையுங்கள். ஓர் அட்டையில் விதை உட்காரும் அளவு பள்ளமாக வெட்டிவிட்டால் இன்னும் நல்லது. வந்து சேரும்போது உடைந்த விதை இருந்தால் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். நான் வழக்கமாக ஒன்றிரண்டு கூடுதலாகவே போட்டுவிடுவேன்.

இதே முறையைப் பச்சை இலைச் செடிகளுக்கு அப்படியே எடுக்காதீர்கள். மணிபிளாண்ட், சிங்கோனியம் மாதிரியானவற்றுக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கக் காடெக்ஸ் இல்லை. உலர்ந்த காகிதத்தில் மூன்று நாள் போனால் வாடிவிடும். அவற்றுக்கு வேரைச் சுற்றி ஈரப் பாசியோ கோகோபீட்டோ வைக்க வேண்டும். கையால் இறுக்கிப் பிழிந்தால் சொட்டாத அளவு ஈரம். வேர்ப்பந்துக்கு மட்டும் பிளாஸ்டிக், இலைக்குக் காகிதம். சோதனைப் பெட்டியை அவற்றுக்குத் தனியாகச் செய்து, தனிப் படம் போடுங்கள். நாடு தாண்டி அனுப்பக் கேட்டால், செடிக்கும் விதைக்கும் பெரும்பாலும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், அது இல்லாமல் போனால் எல்லையிலேயே அழித்துவிடக்கூடும். சான்றிதழை எடுத்து வைக்கும் வரை 'நாட்டுக்குள் மட்டும்' என்று எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஒவ்வொரு பார்சலுக்கும் கட்டிய அன்று ஒரு படம், எத்தனை நாளில் போனது என்ற எண், திறந்ததும் வாங்கியவர் அனுப்பிய படம் என்று ஒரு நோட்டில் சேர்த்து வாருங்கள். இருபது பார்சல் ஆனதும் 'நாலு முதல் ஆறு நாள் ஆனால் பெரும்பாலும் மொட்டையாக இருக்கும்' என்று நான் மேலே எழுதிய வரியை அழித்துவிட்டு, உங்கள் நோட்டில் இருப்பதைப் போடுங்கள். வெயில் காலத்துக்கு ஒன்று, குளிர் காலத்துக்கு ஒன்று என்று இரண்டு வரியாகவே அது வரும் என்று நினைக்கிறேன்.